கார்லின் சதுரமும் எல்லியின் வட்டமும்: வடிவத்தால் ஒருவரின் குணத்தைக் காட்டுவது எப்படி?

ஒரு கேரக்டரை வரைய உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் கண்ணிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கண், மூக்கு, முடி, சட்டை, செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆள் எப்படிப்பட்டவர், கோபக்காரரா, சாதுவா, பிடிவாதக்காரரா என்று மட்டும் சொல்ல வராது. அனிமேஷன் ஸ்டுடியோக்களில் இந்த வேலையை எதிர்ப்பக்கத்திலிருந்து செய்கிறார்கள். முதலில் ஒரே ஒரு வடிவம், வட்டமோ சதுரமோ முக்கோணமோ. அந்த வடிவத்துக்குள் ஆளை உட்கார வைத்த பிறகுதான் கண்ணும் மூக்கும். ஷேப் லாங்குவேஜ் என்று இதைச் சொல்வார்கள், தமிழில் வடிவ மொழி என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடிப்படை விஷயம் சின்னதுதான். வட்டத்துக்கு மூலை கிடையாது, எங்கே தொட்டாலும் குத்தாது, தள்ளினால் உருளும். குழந்தையின் கன்னம், வயிறு, பெரிய தலை எல்லாமே அந்த வளைவுதான். கோன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் 1943-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார், உருண்டைக் கன்னமும் பெரிய தலையும் பார்த்தவுடனே பெரியவர்களுக்குக் காப்பாற்றத் தோன்றும் என்று. அதனால் வட்டம் என்றால் நட்பு, அப்பாவித்தனம், மென்மை. சதுரம் உருளாது. வைத்த இடத்தில் இருக்கும். செங்கல், சுவர், பெட்டி, அலமாரி என்று நாம் நம்பிச் சாய்கிற பொருள்கள் பலவும் அந்த வடிவம்தான், ஆகவே அது உறுதி, பொறுப்பு, கூடவே பிடிவாதம். முக்கோணத்துக்கு முனை உண்டு. முள், பல், கத்தி, அம்பு. முனை எங்கே காட்டுகிறதோ அங்கே நம் கண் ஓடும், அதனால் அது வேகம், கூர்மை, ஆபத்து.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லவன் வட்டம், கெட்டவன் முக்கோணம் என்ற ஒரு அட்டவணைதான் கையில் மிஞ்சும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. முக்கோணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி அகலமாக, முனை மேலே இருந்தால் அது மலை, கோபுரம், அசையாத பொருள். அதையே கவிழ்த்து முனையைக் கீழே வைத்தால் விரிந்த தோளும் ஒடுங்கிய இடுப்புமாக ஒரு வீரனின் உடம்பு கிடைக்கும். இன்னும் ஒல்லியாக்கி, மோவாயையும் கூராக்கினால் யாருக்கும் நம்பிக்கை வராத ஒரு முகம். மூன்றும் முக்கோணம்தான். சதுரமும் அப்படித்தான், 45 டிகிரி சாய்த்தால் ஒரு மூலையில் நிற்கிற வைரம் ஆகிவிடும், உறுதி எல்லாம் போய்விடும். ஆக, எந்த வடிவம் என்பது மட்டும் போதாது, அது எப்படி நிற்கிறது, எதன் பக்கத்தில் நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் பேசுகிறது.

சரி, இதெல்லாம் ஓவியர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கமா, அல்லது பார்க்கிறவர் மனதிலும் ஏதாவது நடக்கிறதா? இதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது, அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1929-ல் வுல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் இரண்டு உருவங்களைக் காட்டினார், ஒன்று மேகம் மாதிரி வளைவானது, இன்னொன்று நட்சத்திரம் மாதிரி கூரானது. இரண்டு பொருளற்ற பெயர்களைக் கொடுத்து எதற்கு எது என்று கேட்டார். 2001-ல் சென்னையோடு தொடர்புள்ள நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் ‘பூபா’, ‘கிகி’ என்ற பெயர்களை வைத்து அதே மாதிரி கேட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும். இரு பக்கமும் ஏறக்குறைய எல்லோரும் கூரான உருவத்துக்குக் கிகி, வளைந்ததற்குப் பூபா என்றார்கள். ஆங்கிலத்தில் கே எழுத்து கூராகவும் பி எழுத்து உருண்டையாகவும் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று ஒருவர் வாதாடலாம். தமிழில் எழுதிப் பாருங்கள், ‘ப’ தான் மூலை மூலையாக நிற்கிறது, ‘கி’ தான் சுழித்துக்கொண்டு போகிறது. நம் எழுத்தை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஓசைக்கும் வடிவத்துக்கும் நடுவில் எழுத்தைத் தாண்டிய ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது, அது கேரக்டர் டிசைனருக்கு மிகவும் உபயோகமான விஷயம். ஏன் என்று பின்னால் ஒரு நாயை வைத்துச் சொல்கிறேன்.

இந்த மொழியை எனக்குத் தெரிந்து மிகத் தெளிவாகப் பேசுகிற படம் பிக்சார் 2009-ல் வெளியிட்ட ‘அப்’. பீட் டாக்டர் இயக்கியது, அதன் தோற்ற வடிவமைப்பைக் கவனித்தவர் ரிக்கி நியர்வா. கார்ல் என்ற 78 வயதுத் தாத்தா மனைவி எல்லியை இழந்து தனியாக வாழ்கிறார், பிறகு ஆயிரக்கணக்கான பலூன்களை வீட்டில் கட்டி வீட்டோடு பறந்து போகிறார். அந்தத் தாத்தா ஒரு பெட்டி. தலை சதுரம், தாடை சதுரம், கண்ணாடிச் சட்டம் சதுரம், கோட்டுப் போட்ட உடம்பு இன்னொரு பெட்டி. நிஜ மனிதர் ஒருவரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏழெட்டு மடங்கு இருக்கும், கார்ல் மூன்று மடங்குதான், அதனால் அந்தப் பெட்டித்தனம் இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. தனக்குள் தன்னையே பூட்டிக்கொண்ட ஆள் என்று வசனம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

எல்லி வளைவுகளால் ஆனவர். இதை அவர் உடம்போடு நிறுத்தாமல் பொருள்களுக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள். கார்லுடையது கட்டம் கட்டமானது, எல்லியுடையது வளைந்தது. எல்லி போன பிறகு அந்த வளைந்த நாற்காலி காலியாகக் கிடக்கும்போது, அங்கே இல்லாத ஒரு மனுஷியை அந்த வடிவமே நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது. அப்புறம் ரஸ்ஸல் என்ற சிறுவன் கதவைத் தட்டுகிறான், முட்டை மாதிரி உருண்டையாக, கழுத்துகூட இல்லாமல். வீட்டைத் தூக்கிப் போகிற பலூன்கள் வட்டம், தூக்கப்படுகிற வீடு சதுரம். ஒரு சதுரமான ஆளை அசைக்க இத்தனை வட்டம் தேவைப்படுகிறது என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

இப்போது கார்லை இன்னும் கிட்டப் போய்ப் பாருங்கள். முழுக்கச் சதுரம் என்று சொன்னேன், ஆனால் மூக்கு பெரிய உருண்டை. கோட்டில் ஒரு சோடா மூடி குத்தியிருக்கிறது, சின்ன வயதில் எல்லி கொடுத்தது, அதுவும் வட்டம். அவர் ஊன்றுகிற தடியின் நான்கு கால்களிலும் டென்னிஸ் பந்துகள். அவ்வளவு பெரிய சதுரத்துக்குள் இந்தச் சின்ன வட்டங்கள் இருப்பதால்தான் அவரை வெறும் சிடுமூஞ்சி என்று ஒதுக்க நமக்கு மனம் வருவதில்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கேரக்டருக்கு ஒரு பெரிய வடிவம், அதற்கு எதிரான ஒரு சின்ன வடிவம். பெரிய வடிவம் அந்த ஆள் ஊருக்குக் காட்டுகிற குணம், சின்னது அவர் மறைத்து வைத்திருப்பது. இரண்டையும் சரிபாதியாக வைத்தால் எதுவும் கேட்காது, பெரியது முக்கால் பங்காவது இருக்க வேண்டும்.

நாய் என்று சொன்னேன் இல்லையா. அந்தப் படத்தில் ஆல்ஃபா என்று ஒரு டாபர்மேன் வருகிறது, நாய்க் கூட்டத்தின் தலைவன். நிமிர்ந்த கூர்க் காதுகள், நீண்ட கூர் முகம், ஒடுங்கிய வயிறு, எந்தப் பக்கம் பார்த்தாலும் முக்கோணம். கழுத்துப் பட்டையில் நாய்களைப் பேச வைக்கிற கருவி இருக்கிறது, ஆல்ஃபாவுடையது பழுதாகிவிட்டதால் வாயைத் திறந்ததும் கீச்சுக் குரல் வருகிறது. தியேட்டரே சிரிக்கும். அந்தச் சிரிப்பு வருவதற்குக் காரணம், அந்தக் கூர்மையைப் பார்த்தவுடனேயே நம் மனம் ஒரு குரலை எதிர்பார்த்துத் தயாராகிவிடுகிறது, அது வாய் திறக்கும் முன்பே. உருண்டையான டக் என்ற நாய்க்கு அதே பழுது வந்திருந்தால் யாரும் இப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். கிகி, பூபா சோதனையில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

இனி கையில் பென்சில் எடுத்துச் செய்து பார்க்கலாம். குழந்தைகளுக்கான ஒரு படக்கதைக்காக நான் வரைந்த தையல்காரர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், பெயர் செல்லையா. கதையில் அவர் வேகமான ஆள், வாய் நீளம், துணி கொடுக்க வருகிறவர்களிடம் சள்ளென்று விழுவார், ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கிழிந்த சட்டைகளைக் காசு வாங்காமல் தைத்துக் கொடுப்பார். வேகம், கூர்மை, கத்தரி, ஊசி. பெரிய வடிவம் முக்கோணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் படி தம்ப்நெயில். ஒரே தாளில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு எட்டுப் பத்து உருவங்கள், முகம் கிடையாது, உடை விவரம் கிடையாது, முழுக்கக் கறுப்பு அடித்த நிழல் மாதிரி. இதைத்தான் சில்லவுட் என்கிறார்கள். சின்னதாக வரைவதற்குக் காரணம் உண்டு, பெரிதாக வரைந்தால் கை தன்னாலேயே சட்டைப் பொத்தானுக்குப் போய்விடும். பத்தில் சிலவற்றில் முனை மேலே, சிலவற்றில் கீழே, ஒன்றில் ஆள் முழுக்க ஒரே முக்கோணம், இன்னொன்றில் தலை மட்டும் முக்கோணம், மற்றதில் முழங்கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிடித்த ஒன்றை எடுத்துப் பெரிதாக்கினேன்: முனை கீழே, விரிந்த ஒல்லித் தோள், கூர் மோவாய், மூக்கு நீளம், புருவம் இரண்டும் நடுவில் கீழிறங்கி ஒரு வி.

அதை வேறு எந்த விளக்கமும் இல்லாமல் நண்பர்கள் நாலு பேரிடம் காட்டி, இவர் யார் என்று கேட்டேன். கேள்வியை இப்படித் திறந்து வைத்துக் கேட்பது முக்கியம், தையல்காரர் மாதிரி இருக்கிறாரா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மூன்று பேர் திருடன் என்றார்கள், ஒருவர் கந்துவட்டிக்காரர் என்றார். எங்கே பிசகியது என்று தேடிப் பார்த்தபோது, ஒரே முகத்தில் மோவாய், மூக்கு, புருவம், தோள் என்று எல்லா முனைகளும் எதிரே நிற்பவரைக் குத்துகிற மாதிரி வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. கூர்மை இருந்தது, அதற்கு எதிராக ஒரு சின்ன வளைவுகூட இல்லை.

திருத்தம் மூன்று இடத்தில் செய்தேன். ஒன்று, முக்கோணத்தைக் கவிழ்த்தேன். அவர் பெரும்பாலும் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துதான் இருக்கிறார், ஆகவே மிஷின் மேசையும் விரிந்த வேட்டியும் அகலமான அடியாகவும், தலை மேல் முனையாகவும் ஆகிவிட்டன. அந்த இடத்தைவிட்டு இந்த ஆள் எங்கேயும் போக மாட்டார் என்பதும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு, முனைகளைப் பங்கிட்டேன். மூக்கும் முழங்கையும் கூராகவே இருக்கட்டும், அவை வேகத்தைச் சொல்கின்றன. மோவாயை மழுக்கினேன், புருவத்தின் வெளிநுனிகளைக் கீழே சாய்த்தேன். புருவத்தின் சரிவு மட்டும் மாறினாலே முகம் அடிக்கிற முகத்திலிருந்து அலுத்துக்கொள்கிற முகமாக மாறிவிடுகிறது, அதே முக்கோண முகம்தான். மூன்றாவது, எதிர் வடிவம். மூக்கு நுனியில் வட்டக் கண்ணாடி, கழுத்தில் சுருண்டு தொங்குகிற அளவு டேப், மேசையில் நூல்கண்டுகள். வட்டங்களை அவருடைய கைக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் வைத்தேன், ஏனென்றால் அவருடைய நல்ல குணம் அவர் தைக்கிற வேலையில்தான் வெளிப்படுகிறது, வாயில் இல்லை.

பிறகு தலை, உடம்பு, கால் மூன்றின் அளவையும் பார்த்தேன். புதிதாக வரைகிறவர்களிடம் அடிக்கடி நடக்கிற தவறு இந்த இடத்தில்தான், மூன்றையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் வடிவம் எவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்திருந்தாலும் உருவம் மந்தமாக இருக்கும். ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது என்று வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். செல்லையாவுக்குக் கையும் முழங்கையும் சேர்ந்த உடம்பு பெரியது, தலை நடுத்தரம், மிஷினுக்குக் கீழே மறைகிற கால்கள் சின்னது. கோடுகளிலும் இதே கவனம் வேண்டும். கையின் ஒரு பக்கம் வளைவாக இருந்தால் மறுபக்கம் நேர்கோடாக இருக்கட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தால் கை பலூன் குழாய் மாதிரி ஆகிவிடும்.

அடுத்த சிக்கல் எல்லோரையும் ஒருநாள் பிடிக்கும்: முன்பக்கத்திலிருந்து பார்த்தால் அருமையாக இருக்கிற முக்கோணம் பக்கவாட்டில் திருப்பினால் காணாமல் போய்விடும். வட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, பந்தை எங்கிருந்து பார்த்தாலும் பந்துதான். தட்டையான முக்கோணம் அப்படி இல்லை, விரிந்த தோள் பக்கவாட்டில் ஒரு குச்சியாகத் தெரியும். ஆகவே தாளில் முன்பக்கம், பக்கவாட்டு, முக்கால்வாசி திரும்பியது என்று மூன்று நிலைகளிலும் கறுப்பு அடித்துப் பார்க்க வேண்டும். செல்லையாவுக்குப் பக்கவாட்டில் முக்கோணத்தைத் தருவது குனிந்த முதுகும், முன்னே நீண்ட மூக்கும், மிஷினைத் தள்ளுகிற முழங்கையும். அதற்காகவே அவருக்குக் கூன் கொஞ்சம் கூட்டினேன். மிக்கி மவுஸின் காதுகளைக் கவனித்திருப்பீர்கள், முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை இரண்டு முழு வட்டங்களாகவேதான் வரையப்படுகின்றன. நிஜத்தில் அப்படித் தெரியாது, ஆனால் வடிவத்தைக் காப்பாற்றுவதற்காக நிஜத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வட்டம் என்றவுடன் குண்டான உடம்பு, முக்கோணம் என்றவுடன் கூர் மூக்கு என்று நேரே மனித உடம்புக்குப் போய்விடாதீர்கள். குண்டானவர் என்றால் வேடிக்கையானவர், நீள மூக்கு என்றால் வஞ்சகர் என்ற பழைய வசைகளை அப்படித்தான் படங்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்திருக்கின்றன, பார்க்கிற குழந்தைகளில் சிலருக்கு அதே உடம்பும் அதே மூக்கும் இருக்கும். செல்லையாவின் மூக்கை வைத்துக்கொண்டு நானே இதை யோசிக்க வேண்டியிருந்தது, அதனால்தான் அந்த மூக்கின் நுனியில் வட்டக் கண்ணாடி உட்கார்ந்தது. வடிவத்தைக் கொண்டையில் வைக்கலாம், தாவணியின் விரிவில் வைக்கலாம், நடக்கும்போது உடம்பு வளைகிற வளைவில் வைக்கலாம், கையில் இருக்கிற கூடையில் வைக்கலாம். ஒல்லியான பெண்ணை முழுக்க வளைவுகளால் வரைய முடியும், பருத்த மனிதரை மூலை மூலையாக வரைய முடியும்.

கடைசியாக, ஒரு கேரக்டரைத் தனியாக வைத்து முடிவு செய்ய முடியாது. கதையில் எல்லோரும் உருண்டையாக இருந்தால் வட்டம் மென்மையைச் சொல்லாது, அது அந்த ஓவியரின் பாணி என்று மட்டுமே படும். கார்லின் சதுரம் அவ்வளவு சத்தமாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் பக்கத்தில் எல்லியும் ரஸ்ஸலும் இருப்பது. என் கதையில் தையல் கற்றுக்கொள்ள வருகிற பையன் முழுக்க வட்டம், சுருட்டை முடிகூட. கடையின் சொந்தக்காரர் சதுரம், சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருக்கிற வாடகை நோட்டுப் புத்தகத்தோடு. மூன்று பேரையும் ஒரே வரிசையில் கறுப்பு அடித்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, முன்பு காட்டாத வேறு நாலு பேரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். சதுரமானவரை வாடகை கேட்க வந்தவர் என்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். செல்லையாவை இந்த முறை யாரும் திருடன் என்று சொல்லவில்லை, ஒருவர் மட்டும் “இவரு ரொம்பக் கத்துவாரு போல, ஆனா வேலைய நல்லா செய்வாரு” என்றார். பையன்தான் சரியாக வரவில்லை, தூரத்தில் அவனுடைய சுருட்டை முடி மிஷின் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தது. அவனை மேசைக்கு அந்தப் பக்கமாக இரண்டடி தள்ளி நிறுத்தி வரைந்துகொண்டிருக்கிறேன்.